காபி மேல விழுந்த பழி: ரோசேசியாவின் கதை

போன எபிசோடுக்கு வந்த மெசேஜ்கள்ல ஒரே கேள்வி நிறைய தடவை வந்திருந்துச்சு: "ப்ரோ, வீடியோ கிளிப்ல உங்க முகம் ஏன் அப்படி சிவந்திருக்கு, வெயில்ல அலைஞ்சீங்களா?" அதுக்கான பதில்தான் இன்னைக்கு எபிசோட். வெயில்ல அலையல. எனக்கு ரோசேசியா இருக்கு. மூக்கு, கன்னம், நெற்றி, தாடைன்னு முகத்தோட நடுப்பகுதியில ரத்தக்குழாய்கள் சட்டுனு விரிஞ்சு, முகம் சூடாகி, எரிஞ்சு, சிவக்கிற ஒரு நீண்டகாலத் தோல் பிரச்சனை அது. தொற்று கிடையாது. முழுசா குணமாகிடும்னும் சொல்ல முடியாது, ஆனா கட்டுக்குள்ள வைக்கலாம்.

எனக்கு இது தெரிய வந்தது ஒரு அசிங்கமான மதியத்துல. ஆபீஸ்ல லஞ்ச் முடிச்சு, டம்ளர் நிறைய காபி குடிச்சுட்டு ஸ்டாண்டப் மீட்டிங்ல போய் நின்னேன். முகம் கொதிக்குது. பக்கத்துல இருந்தவன் காதோட காதா, "மச்சான், மதியமே ஆரம்பிச்சுட்டியா?"ன்னு கேட்டான். விளையாட்டாத்தான் கேட்டான். ஆனா அதுக்கப்புறம் ஒரு மாசம் நான் யார் முன்னாடியும் காபி குடிக்கல. வீட்டுல அம்மா, "உனக்கு உடம்பு சூடு, காபியை நிறுத்து"ன்னாங்க. நிறுத்தினேன். எட்டு மாசம். காலையில அப்பாவும் நானும் பால்கனியில உட்கார்ந்து ஒண்ணா குடிக்கிற ஃபில்டர் காபி அதோட போச்சு.

அந்த எட்டு மாசமும் வீண்னு பின்னாடி தெரிஞ்சுது. தப்பு காபி மேல இல்ல. அதை 1981-லயே ஒருத்தர் சோதிச்சு எழுதி வெச்சிருந்தார். அவர்கிட்ட போறதுக்கு முன்னாடி, இந்த நோய்ல பழி போடுற பழக்கம் எவ்வளவு பழசுன்னு பாத்துடலாம்.

குடிகாரன் மூக்கு

14-ஆம் நூற்றாண்டோட கடைசியில இங்கிலாந்துல ஜெஃப்ரி சாசர் எழுதின 'கேண்டர்பரி டேல்ஸ்'ல ஒரு ஆள் வருவார். சர்ச் நீதிமன்றத்துக்கு ஆட்களை இழுத்துட்டு வர்ற வேலை அவருக்கு. முகம் நெருப்பு மாதிரி சிவந்து, பருக்களோட இருக்கும், குழந்தைங்க பார்த்தா பயப்படும். அவருக்குப் பூண்டு, வெங்காயம், கடுமையான சிவப்பு ஒயின் எல்லாம் உயிர். பாதரசம், கந்தகம், ஈயக் கலவைகள், போராக்ஸ்னு அந்தக் காலத்துக் களிம்புகள் எதுவும் அந்த முகத்தைச் சரி பண்ணலன்னு சாசர் பட்டியலே போடுறார். அது ரோசேசியாதான்னு சில தோல் மருத்துவர்கள் சொல்றாங்க, தொழுநோய்னு வாதாடினவங்களும் உண்டு. எனக்கு அதுல முக்கியமா பட்டது வேற. முகம் சிவந்தவன்னா காரசாரமா சாப்பிடுறவன், குடிக்கிறவன், ஒழுக்கம் கெட்டவன்ங்கிற கணக்கு அப்பவே தயாரா இருந்திருக்கு.

1490 வாக்குல இத்தாலியில டொமெனிக்கோ கிர்லாண்டாயோ வரைஞ்ச ஒரு ஓவியம் இப்ப பாரிஸ் லூவ்ர்ல இருக்கு. ஒரு தாத்தா, மடியில பேரன். தாத்தாவோட மூக்கு புடைச்சு, முண்டு முண்டா இருக்கும். ரைனோஃபைமான்னு சொல்ற நிலை அது. ரோசேசியா சிலருக்கு, அதுவும் பெரும்பாலும் ஆண்களுக்கு, வருஷக்கணக்குல முத்திப்போனா மூக்குத் தோல் இப்படித் தடிச்சுப் போகும். ஓவியத்துல பேரன் அந்த மூக்கைப் பார்த்து முகம் சுளிக்கல, அண்ணாந்து தாத்தாவைப் பார்த்துட்டிருக்கான். இந்த வரலாறு முழுக்க நான் பார்த்த அன்பான காட்சி இது ஒண்ணுதான்.

1813-ல லண்டன் டாக்டர் தாமஸ் பேட்மன் தோல் நோய்களைப் பத்தின தன்னோட புத்தகத்துல இதை 'ஆக்னி ரோசேசியா'ங்கிற பேர்ல, பருவோட ஒரு வகையா சேர்த்தார். பரம்பரையில இருந்தா ஒழிய சின்ன வயசுல அரிதுதான்னு சொன்ன அவர், இடைவிடாம மது குடிச்சா யாருக்கு வேணா வரலாம்னும் எழுதினார். அந்த ரெண்டாவது பாதிதான் ஊர் முழுக்க நின்னுச்சு. மது குடிச்சா ஏற்கெனவே ரோசேசியா இருக்குறவங்களுக்கு முகம் சிவக்கலாங்கிறது உண்மை. ஆனா சிவந்த முகத்தை வெச்சு ஒருத்தர் குடிக்கிறவர்னு சொல்ல முடியாது. வாழ்நாள்ல ஒரு சொட்டு குடிக்காதவங்களுக்கும் இது வருது.

20-ஆம் நூற்றாண்டோட ஆரம்பத்துல பழி வயித்துக்கு மாறுச்சு. ரோசேசியா இருக்குறவங்களுக்கு வயித்துல அமிலம் குறைவுன்னு பிரிட்டன்ல சில டாக்டர்கள் நம்பினாங்க. அதனால நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைக் குடிக்கக் கொடுத்தாங்க. கூடவே டீ, காபி, மிளகு, மசாலா எல்லாத்துக்கும் தடை. காபியைத் தடை பண்ணதுக்குக் காரணமா சொன்னது அதுல இருக்குற கஃபீன். பல பத்து வருஷம் இந்தப் பட்டியல் ஒரு டாக்டர்கிட்ட இருந்து அடுத்த டாக்டருக்கு அப்படியே காப்பி பேஸ்ட் ஆகிட்டே வந்துச்சு. கோட்ல யாரோ எப்பவோ போட்டுட்டுப் போன கமெண்டை, சரியான்னு பார்க்காம எல்லாரும் நம்புவோம் இல்லையா, அதே கதை.

ஒரு டாக்டர் செஞ்ச டீபக்கிங்

இப்ப 1981. ஜொனாதன் வில்கின்னு ஒரு அமெரிக்கத் தோல் மருத்துவர். அவர் கேட்ட கேள்வி ரொம்ப எளிசு: சூடான காபியில ரெண்டு விஷயம் இருக்கு, ஒண்ணு காபி, இன்னொண்ணு சூடு. முகத்தைச் சிவக்க வைக்கிறது இதுல எது?

ரோசேசியா இருக்குறவங்களுக்கு அவர் நாலு விஷயத்தைத் தனித்தனியா கொடுத்துப் பார்த்தார். ஒண்ணு, கஃபீன் மட்டும். ரெண்டு, 22 டிகிரி செல்சியஸ்ல, அதாவது அறை வெப்பநிலையில, ஆறிப்போன காபி. மூணு, 60 டிகிரியில சூடான காபி. நாலு, 60 டிகிரியில வெறும் வெந்நீர்.

கஃபீன் மட்டும் எடுத்தப்போ முகம் சிவக்கல. ஆறின காபிக்கும் சிவக்கல. சூடான காபிக்குச் சிவந்துச்சு. அதே 60 டிகிரியில இருந்த வெறும் தண்ணிக்கும், அதே அளவுக்கு, அதே நேரக்கணக்குல சிவந்துச்சு. முடிவு தெளிவு: காபியில இருந்த குற்றவாளி சூடு. கஃபீன் நிரபராதி.

இதுல நான் ரசிச்சது அந்த நாலாவது டம்ளர், வெறும் வெந்நீர். அது இல்லைன்னா, "சூடும் காபியும் சேர்ந்தாத்தான் பிரச்சனை"ன்னு யாராவது வாதாடலாம். வெந்நீர் அந்தக் கதவையும் அடைச்சுடுச்சு. நாமளும் பக் தேடும்போது ஒரு நேரத்துல ஒரே ஒரு விஷயத்தைத்தான் மாத்திப் பார்ப்போம். வில்கின் செஞ்சது அதுதான்.

இதுக்கு 37 வருஷம் கழிச்சு, 2018-ல, அமெரிக்காவுல நர்சுகளைப் பல வருஷம் தொடர்ந்து கவனிக்கிற ஒரு பெரிய ஆய்வுல இருந்து ஒரு முடிவு வந்துச்சு. 82,737 பெண்களோட தகவல். ஒரு நாளைக்கு நாலு கப்போ அதுக்கு மேலயோ கஃபீன் காபி குடிச்சவங்கள்ல, காபியே குடிக்காத அளவுக்குக் கம்மியா குடிச்சவங்களை விட, ரோசேசியா வந்தது குறைவாத்தான் இருந்துச்சு. சுமார் 23 சதவீதம் குறைவு. காபி ரோசேசியாவுக்கு மருந்துன்னு இதுக்கு அர்த்தம் இல்ல. இது வெறும் கவனிப்பு ஆய்வு, காரணத்தை நிரூபிக்காது. ஆனா காபியை விட்டே ஆகணும்னு சொல்ல ஆதாரம் இல்லைங்கிறது மட்டும் இன்னும் உறுதியாச்சு.

மிளகாய்க்கும் வெந்நீருக்கும் ஒரே அழைப்பு மணி

சரி, சூடு புரியுது. மிளகாய் எங்க வந்துச்சு? ஆறிப்போன காரச் சட்னிக்கும் முகம் எரியுதே?

1954-ல சிங்கப்பூர்ல டி. எஸ். லீன்னு ஒரு ஆராய்ச்சியாளர், மிளகாய் சாப்பிட்டா மனுஷங்களுக்கு எங்க எங்க வேர்க்குதுன்னு அளந்து ஒரு கட்டுரை எழுதினார். வேர்வை பெரும்பாலும் முகத்துலயும் தலையிலயும்தான். உடம்பு உண்மையிலேயே சூடாகிட்டா எப்படி நடந்துக்குமோ, அதே மாதிரி மிளகாய்க்கும் முகம் நடந்துக்குது. இது நமக்கு அனுபவத்துலயே தெரியும். பிரியாணியோட காரமான சால்னாவைத் தொட்டுச் சாப்பிடும்போது மூக்கு நுனியில வேர்க்கும் இல்லையா, அதுதான். ஆனா ஏன்னு தெரிய இன்னும் 43 வருஷம் ஆச்சு.

1997-ல கலிஃபோர்னியாவுல டேவிட் ஜூலியஸோட ஆய்வகம், மிளகாயோட காரத்துக்குக் காரணமான கேப்சைசின் நரம்புல எந்த இடத்துல போய் ஒட்டுதுன்னு கண்டுபிடிச்சுது. அந்த ஏற்பியோட பேர் டிஆர்பிவி1. ஆச்சரியம் என்னன்னா, அதே ஏற்பியைச் சுமார் 43 டிகிரிக்கு மேல போற வெறும் சூடும் திறந்துவிடுது. வீட்டு வாசல்ல ஒரு காலிங் பெல், அதை அமுக்க ரெண்டு ஆள். ஒருத்தர் சூடு, இன்னொருத்தர் மிளகாய். உள்ள இருக்குற மூளைக்கு யார் அமுக்கினாங்கன்னு தெரியாது. "சூடு, சூடு"ன்னுதான் கேட்கும். "காரம் சுடுது"ன்னு நாம சொல்றது வெறும் பேச்சு வழக்கு இல்ல, நரம்போட மொழியிலயும் அது நிஜம். மிளகுல இருக்குற பைப்பரினும் இதே பெல்லைத்தான் அமுக்குது, கேப்சைசினை விட மெதுவா. ஜூலியஸுக்கு 2021-ல நோபல் பரிசு கிடைச்சுது.

பெல் அடிச்சதும் நரம்பு முனைகள் சில வேதிப்பொருட்களை வெளியிடும். அவை பக்கத்துல இருக்குற ரத்தக்குழாய்களை விரிய வைக்கும், ரத்தம் பாயும், முகம் சூடாகும். எல்லாருக்கும் கொஞ்சம் இப்படி நடக்கும். ரோசேசியா இருக்குற தோல்ல இந்த பெல் ரொம்ப லேசா தொட்டாலே அடிக்குது, அடிச்சா நிக்கவும் நேரமாகுது. அடிக்கடி இப்படி ஆகும்போது சிவப்பு நிரந்தரமா தங்க ஆரம்பிக்கும், மெல்லிய ரத்தக்குழாய்கள் நூல் மாதிரி வெளியில தெரியும்.

ஒரு எச்சரிக்கை. இதைக் கேட்டுட்டு நாளையில இருந்து தயிர் சாதம் மட்டும்னு முடிவு பண்ணாதீங்க. அமெரிக்காவுல இருக்குற தேசிய ரோசேசியா சங்கம் 1,066 நோயாளிகள்கிட்ட, எது உங்களைத் தூண்டுதுன்னு கேட்டுது. வெயில்னு சொன்னவங்க 81 சதவீதம், வெக்கையான வானிலைன்னு சொன்னவங்க 75 சதவீதம். காரமான உணவுன்னு சொன்னவங்க 45 சதவீதம்தான். பாதிக்கு மேல ஆட்கள் காரத்தைக் குறை சொல்லவே இல்ல. ஆளுக்கு ஆள் மாறும். அதனால உங்க பட்டியலை நீங்கதான் கண்டுபிடிக்கணும்.

என் வீட்டுச் சமையலறைப் பரிசோதனை

வில்கின் கதையைப் படிச்ச அன்னைக்கே ஒரு கிச்சன் தெர்மாமீட்டர் வாங்கினேன். அப்பா ஊத்தின காபி டம்ளர்ல 72 டிகிரி காட்டுச்சு. டபராவுல நாலு தடவை ஆத்தினதும் 63. அப்படியே பத்து நிமிஷம் வெச்சா 48. நான் ஆபீஸ்ல ஆத்தாம, பேப்பர் கப்ல, மூடி போட்டு குடிச்சுட்டிருந்திருக்கேன்.

பிறகு நாலு பானம்: 60 டிகிரி வெந்நீர், 60 டிகிரி காபி, ஆறின காபி, ஆறின தண்ணி. ஒவ்வொண்ணும் மூணு நாள், மொத்தம் 12 நாள். தினமும் காலை 11 மணி, ஒரே அறை, ஏசி 24 டிகிரி, 200 மில்லி, அஞ்சு நிமிஷத்துல குடிச்சு முடிக்கணும். குடிக்கிறதுக்கு முன்னாடி ஒரு போட்டோ, அப்புறம் 10, 20, 30 நிமிஷத்துல ஒவ்வொரு போட்டோ. கூடவே முகத்துல எரிச்சல் எவ்வளவுன்னு பூஜ்யத்துல இருந்து அஞ்சுக்குள்ள ஒரு மார்க்.

எரிச்சலுக்கு மார்க் போட்டதுக்குக் காரணம் இருக்கு. நம்ம மாதிரி மாநிறத் தோல்லயும் கறுப்புத் தோல்லயும் சிவப்பு சரியா தெரியாது. பாடப்புத்தகப் படங்கள் பெரும்பாலும் வெள்ளைத் தோல்லதான். நம்மள்ல பலருக்கு இது பருன்னோ அலர்ஜின்னோ பல வருஷம் தப்பா போறதுக்கு இது ஒரு காரணம். நம்ம தோல்ல இது செம்பழுப்பாவோ, லேசா கருத்த மாதிரியோ தெரியும். அதனால நிறத்தை விட உணர்வைக் கவனிங்க: சூடு, எரிச்சல், குத்தல், சோப்பு பட்டாலே வலி. பருன்னா வெண்புள்ளி, கரும்புள்ளி இருக்கும், ரோசேசியா பொரியில அது இருக்காது. போட்டோ எடுக்கும்போது ஃபிரேம்ல ஒரு வெள்ளைப் பேப்பரையும் வெச்சுக்கிட்டேன். போன் கேமரா தானா நிறத்தை மாத்தினா அந்தப் பேப்பர் காட்டிக் கொடுத்துடும்.

முடிவு? வெந்நீருக்கு மூணு நாளும் எரிச்சல் 3 அல்லது 4. சூடு காபிக்கும் அதேதான். ஆறின தண்ணிக்கு எதுவும் இல்ல. ஆறின காபிக்கு ரெண்டு நாள் எதுவும் இல்ல, மூணாவது நாள் மட்டும் 3. அன்னைக்கு எனக்குக் குழப்பம். நோட்டைப் புரட்டிப் பார்த்தா, அன்னைக்கு 10:20 வரைக்கும் ஹெல்மெட் போட்டுக்கிட்டு சிக்னல் வெயில்ல நின்னுட்டு வந்திருக்கேன். முகம் ஏற்கெனவே சூடு. அந்த நாளை ரத்து பண்ணிட்டு, வெளியில போகாத ஒரு நாள் திருப்பிச் செஞ்சேன். பூஜ்யம்.

அதே முறையில மதிய சாப்பாட்டையும் பார்த்தேன். ஆறின மிளகு ரசத்துக்கு 1. கொதிக்கக் கொதிக்க அதே ரசத்துக்கு 4. ஆறின காரக்குழம்புக்கு 2, மைக்ரோவேவ்ல மூணு நிமிஷம் வெச்ச அதே குழம்புக்கு 5. எனக்குக் காரமும் ஒரு தூண்டுதல்தான், ஆனா பெரிய பங்கு சூட்டோடது. ஸ்டாண்டப் மீட்டிங் அன்னைக்கு என்ன நடந்துச்சுன்னு இப்ப புரியுது: ஆவி பறக்கற குழம்பு, மேல சூடு காபி, பாதி பேர் ஜாக்கெட்டோட இருந்தாலும் காத்தே வராத சின்ன மீட்டிங் ரூம். மூணும் ஒரே பெல்லை அமுக்கியிருக்கு.

இது ஒரே ஒரு ஆள் மேல செஞ்ச சோதனை. எதைக் குடிக்கிறேன்னு எனக்குத் தெரியும், அதுவே மார்க்கை மாத்தியிருக்கலாம். உங்களுக்கு வேற மாதிரி வரலாம். முடிவை எடுத்துக்காதீங்க, முறையை எடுத்துக்கோங்க. ஒரு நேரத்துல ஒண்ணை மட்டும் மாத்துங்க, முந்தின ஒரு மணி நேரம் என்ன செஞ்சீங்கன்னு எழுதி வைங்க, குறைஞ்சது மூணு தடவை திருப்பிப் பாருங்க.

குளிர்ச்சின்னு நம்பி நான் செஞ்ச தப்பு

காபியை நிறுத்தின அந்த எட்டு மாசத்துல நான் வேற ரெண்டு வேலை பார்த்தேன். ரெண்டுமே நிலைமையை மோசமாக்குச்சு.

முதல்ல, எரியும்போதெல்லாம் மெந்தால் போட்ட ஃபேஸ்வாஷ். ஜில்லுனு இருக்கும். ஆனா மெந்தால் தோலைக் குளிர வைக்கறதே இல்ல. குளிரை உணர்ற ஏற்பின்னு தனியா ஒண்ணு இருக்கு, மெந்தால் அதைத் தொட்டு, "குளிருது"ன்னு பொய் சிக்னல் அனுப்புது. தெர்மாமீட்டர் வெச்சா எதுவும் மாறியிருக்காது. தோல் மட்டும் கூடுதலா எரிச்சல் ஆகும். பாம், கற்பூரம், யூகலிப்டஸ், புதினா எண்ணெய் எல்லாத்துக்கும் இதே ஜாக்கிரதை வேணும்.

ரெண்டாவது, மருந்துக் கடையில கேட்டு வாங்கின ஒரு க்ரீம். ஒரே வாரத்துல முகம் பளிச். ரெண்டு மாசம் போட்டேன். நிறுத்தினதும் முன்னாடி இருந்ததை விட ரெண்டு மடங்கு எரிச்சல். போட்டா அடங்கும், விட்டா கொதிக்கும். கடைசியா ஒரு தோல் டாக்டர் ட்யூபைத் திருப்பிப் படிச்சுட்டு, "இதுல ஸ்டீராய்டு இருக்கு தம்பி"ன்னார். ஸ்டீராய்டுப் பழக்கத்தால முகம் இப்படி ஆகறது நம்ம நாட்டுல எவ்வளவு சகஜம்னா, இந்தியத் தோல் மருத்துவர்களே அதுக்குத் தனியா ஒரு பேர் வெச்சிருக்காங்க. 2018-ல மத்திய அரசு 14 வகை ஸ்டீராய்டு க்ரீம்களை டாக்டர் சீட்டு இல்லாம விக்கக் கூடாதுன்னு விதியை மாத்துச்சு. உங்க க்ரீம்ல பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால், மொமெட்டசோன்னு எதாவது இருந்தா, அதை முகத்துல தொடர்ந்து போடாதீங்க. ரொம்ப நாளா போட்டுட்டிருந்தா நீங்களா சட்டுனு நிறுத்தாம, எப்படி விடறதுன்னு டாக்டர்கிட்ட கேளுங்க.

இப்ப நான் செய்யறது

அந்த டாக்டர் சொன்ன ரொட்டீன் ரொம்பச் சின்னது. மூணே பொருள்.

காலையில வெதுவெதுப்பான தண்ணி. வெந்நீரும் வேண்டாம், ஐஸ் தண்ணியும் வேண்டாம். வாசனை இல்லாத, சோப்பு இல்லாத கிளென்சரை விரல் நுனியால மட்டும் தடவிக் கழுவணும். ஸ்க்ரப், பிரஷ், கடலை மாவு தேய்ச்சல் எதுவும் கிடையாது. பருத்தித் துண்டால ஒத்தி எடுக்கணும், துடைக்கக் கூடாது. அப்புறம் சில நிமிஷம் தோல் முழுசா காயட்டும். ஈரத்துல உடனே எதையாவது பூசினா குத்தற மாதிரி இருக்குறது பலருக்கு இதனால குறையும்.

அடுத்து வாசனை சேர்க்காத ஒரு மாய்ஸ்சரைசர். ரோசேசியாவுல தோலோட வெளிச்சுவர் பலவீனமா இருக்கும், ஈரம் வெளியேறும், எரிச்சல் தர்ற பொருட்கள் உள்ள போகும். இந்த க்ரீம் அந்தச் சுவருக்குப் பூச்சு வேலை மாதிரி. எலுமிச்சை, ஆல்கஹால் கலந்த டோனர் மாதிரி விஷயங்கள் அந்தச் சுவரை மறுபடி இடிக்கும்.

மூணாவது சன்ஸ்க்ரீன், எஸ்பிஎஃப் 30-க்குக் குறையாம. ஜிங்க் ஆக்சைடு, டைட்டானியம் டை ஆக்சைடு இருக்குற மினரல் வகை பொதுவா குறைவா எரியும். நம்ம நிறத்துக்கு அது வெள்ளையா தெரியும். தோல் நிறச் சாயம் சேர்த்தது வாங்கினா அந்தத் தொல்லை இல்ல. ராத்திரி கிளென்சரும் மாய்ஸ்சரைசரும் போதும்.

புது பொருள் எதுவா இருந்தாலும் நேரா முகம் முழுக்கப் பூசாதீங்க. கழுத்தோரத்துல ஒரு சின்ன இடத்துல மூணு நாள் போட்டுப் பாருங்க. நேரா ப்ரொடக்ஷன்ல டிப்ளாய் பண்ணக் கூடாதுன்னு நமக்குத் தெரியாதா என்ன.

முகம் சிவக்க ஆரம்பிச்சிடுச்சுன்னா, நிழலுக்குப் போங்க, மின்விசிறி போடுங்க, சாதாரண குளிர்ந்த தண்ணியில நனைச்ச துணியைக் கன்னத்துல வைங்க. ஐஸை நேரா தோல்ல தேய்க்காதீங்க. வாயில ஒரு சின்ன ஐஸ் துண்டைப் போட்டுச் சப்பறது எனக்கு நல்லா வேலை செய்யுது. வாய்க்குள்ள போன சூடுதான் முகத்தைச் சிவக்க வைக்குதுன்னா, வாய்க்குள்ள குளிர்ச்சி கொடுக்கறதும் அதே வழியில உதவும்.

இந்த ரொட்டீன் எரிச்சலைக் குறைக்கும், நோயை மாத்தாது. பொரி, நிரந்தரச் சிவப்பு, தடிப்பு இருந்தா அசெலேயிக் ஆசிட், மெட்ரோனிடசோல், ஐவர்மெக்டின்னு மருந்துகள் இருக்கு, அதை டாக்டர்தான் முடிவு பண்ணணும். முக்கியமா கண். கண்ணுல மண் விழுந்த மாதிரி உறுத்தல், சிவப்பு, வெளிச்சம் பட்டா கூச்சம் இருந்தா அதுவும் ரோசேசியாவா இருக்கலாம், தள்ளிப் போடாம கண் டாக்டரைப் பாருங்க.

லஞ்ச் பாக்ஸை நான் இப்ப முப்பது செகண்ட் மட்டும் சூடு பண்றேன். ரசத்துல மிளகு பாதி. காரக்குழம்பை விடல, வாரத்துக்கு ஒரு நாள், ஆற வெச்சு. பைக்ல போற நாள்ல ஆபீஸ் போனதும் பத்து நிமிஷம் உட்கார்ந்துட்டுத்தான் எதையும் குடிக்கிறேன்.

அப்புறம் காபி. அப்பாகிட்ட அந்த 12 நாள் நோட்டைக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கிட்டு ஒவ்வொரு நாளா படிச்சார். எதுவும் சொல்லல. அடுத்த நாள் காலையில பால்கனியில ரெண்டு டபரா இருந்துச்சு. என்னோடதை வழக்கத்தை விட ரொம்ப நேரம், உயரத்துல இருந்து ஆத்திட்டு, விரலால டம்ளரைத் தொட்டுப் பார்த்துட்டு நீட்டினார்.

"இப்ப குடிக்கலாம்டா"ன்னார். தெர்மாமீட்டர் வெச்சுப் பார்த்தேன். 47 டிகிரி.

அடுத்த எபிசோட்ல சந்திக்கலாம் மக்களே.